புட்டியிலுள்ள சதவீதமும் குடுவையிலுள்ள சதவீதமும்: அடர்த்தியைக் கணக்கில் கொண்டு கரைசல் தயாரிக்கும் முறை

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் சோதிக்கும் சிறிய ஆய்வகம் ஒன்றில் புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரத்திலேயே மூன்று வகை வேலைகள் வந்து சேரும். பால் உறைந்து போகாமல் காக்கும் அம்மோனியாவை 10 சதவீதக் கரைசலாக ஆக்க வேண்டும். அந்தப் பாலில் எவ்வளவு அம்மோனியா இருக்கிறது என்று தரம்பார்க்க 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவைப்படும். கடலோரத்துக் கிணற்று நீரையோ உப்பளத்து நீரையோ யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அதிலுள்ள குளோரைடை பிபிஎம் கணக்கில் சொல்ல வேண்டும். இந்த மூன்று வேலைகளிலும் தவறு நேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: புட்டியின் லேபிளில் அச்சிட்டிருக்கும் சதவீதம் எடைக்கு எடை என்ற கணக்கில் இருக்கிறது, நாமோ பிப்பெட்டால் கனஅளவை அளந்து எடுக்கிறோம். எடையையும் கனஅளவையும் இணைப்பது அடர்த்தி மட்டுமே என்பதால், அதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு சிறிதளவு அல்ல, பத்து அல்லது இருபது சதவீதம்கூடப் பிசகிவிடும்.

ஆகவே கணக்குப் போடத் தொடங்கும் முன்பே, கையிலிருக்கும் எண் எதை எதனால் வகுத்துக் கிடைத்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எடை/எடை சதவீதம் என்பது 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் பொருள் என்பதையும், எடை/கனஅளவு சதவீதம் என்பது 100 மில்லிலிட்டர் கரைசலில் எத்தனை கிராம் என்பதையும் குறிக்கும். மோலாரிட்டி ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்களின் எண்ணிக்கை. பிபிஎம் மட்டும் இரண்டு வேடம் போடும்: ஒரு கிலோகிராம் கரைசலில் இத்தனை மில்லிகிராம் என்பதே அதன் முறையான பொருள், ஆனால் நீர்ச் சோதனையில் ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல தண்ணீரில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் அந்தப் பழக்கம் யாரையும் உறுத்துவதில்லை; உப்பளத்து நீரில் அது எப்படி உறுத்துகிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எடை/கனஅளவு சதவீதம்: 10 சதவீத அம்மோனியா

அம்மோனியா புட்டியின் லேபிளில் 25 சதவீதம் என்றும், ஒரு மில்லிலிட்டரின் எடை சுமார் 0.91 கிராம் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 25 எடை/எடை சதவீதம். நமக்கு வேண்டியது 500 மில்லிலிட்டர் அளவில் 10 சதவீத எடை/கனஅளவுக் கரைசல், அதாவது முழுக் குடுவையிலும் 50 கிராம் அம்மோனியா.

முதலில் புட்டியிலுள்ள ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு அம்மோனியா இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரின் எடை 0.91 கிராம், அதில் 25 சதவீதம், அதாவது 0.2275 கிராம் அம்மோனியா. 50 கிராம் வேண்டுமென்றால் 50 ஐ 0.2275 ஆல் வகுக்க, ஏறத்தாழ 220 மில்லிலிட்டர் கிடைக்கும். அடர்த்தியைப் பார்க்காமல் 25 சதவீதத்தை 10 ஆக்க இரண்டரை மடங்கு நீர்த்தால் போதும் என்று கணக்கிட்டவர் 200 மில்லிலிட்டர்தான் எடுத்திருப்பார். அவருடைய குடுவையில் 45.5 கிராம் மட்டுமே இருக்கும்; லேபிளில் 10 என்று எழுதினாலும் உள்ளே இருப்பது 9.1 சதவீதம்.

செய்முறையில் அவசரம் கூடாது. நம் ஊர் வெயிலில் அம்மோனியா புட்டிக்குள் அழுத்தம் ஏறியிருக்கும் என்பதால், அதைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் நிறுத்திவைத்து, காற்றுப்போக்கு அறைக்குள் மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். முகத்துக்கு நேரே திறக்கவே கூடாது. 500 மில்லிலிட்டர் அளவுக்குடுவையில் முதலில் 200 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிவிட்டு, 220 மில்லிலிட்டர் அம்மோனியாவை உருளையால் அளந்து அந்த நீருக்குள் சேர்க்க வேண்டும். வெறும் குடுவையில் அம்மோனியாவை ஊற்றினால் கணிசமான வாயு வெளியே போய்விடும். மூடிக் கலக்கி, அறை வெப்பநிலைக்கு வந்தபின் கழுத்திலுள்ள கோடு வரை நீர் சேர்க்க வேண்டும். 220 மில்லிலிட்டர் அம்மோனியாவோடு 280 மில்லிலிட்டர் நீரைத் தனியே அளந்து கலப்பது சரியல்ல. கலக்கும்போது இரண்டு கனஅளவுகளும் கூட்டலுக்குக் கட்டுப்படுவதில்லை, ஆகவே இறுதிக் கனஅளவைத் தீர்மானிக்க வேண்டியது குடுவையின் கோடுதான்.

பாதி காலியான பழைய புட்டி என்றால் லேபிளை நம்புவதற்கு முன் அடர்த்தியை அளந்துபார்ப்பது நல்லது. மூடியுள்ள சிறு குடுவை ஒன்றை எடைபோட்டு, பத்து மில்லிலிட்டர் பிப்பெட்டால் அம்மோனியாவை அதில் விட்டு மூடி, மறுபடியும் எடைபோட வேண்டும். எடைக் கூடுதலைப் பத்தால் வகுத்தால் அடர்த்தி. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது, பல்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். 20 டிகிரி செல்சியஸில் 25 சதவீத அம்மோனியாவின் அடர்த்தி 0.91 ஆகவும், 20 சதவீதத்துக்கு அது 0.923 ஆகவும் இருக்கும். அம்மோனியா குறையக் குறைய அடர்த்தி 1 ஐ நோக்கி ஏறும் என்பதால், 0.92 ஐத் தாண்டிய எண் வந்தால் புட்டி தளர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். நம் அறை 30 டிகிரியில் இருந்தால் அடர்த்தி இன்னும் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆகவே அளந்த வெப்பநிலையையும் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும்.

தோட்டங்களில் இதற்கு நேர்மாறான ஒரு வசதியான தற்செயலும் உண்டு. ரப்பர் பாலை உறையவைக்கப் பயன்படும் 85 சதவீத ஃபார்மிக் அமிலத்தின் அடர்த்தி சுமார் 1.195; இரண்டையும் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் 1.016 கிராம் ஃபார்மிக் அமிலம் வருகிறது. அதனால்தான் ஒரு மில்லிலிட்டரை நூறு மில்லிலிட்டராக ஆக்கினால் ஏறத்தாழ 1 சதவீதம் என்ற வழக்கம் அங்கே பழுதின்றி நடக்கிறது. அது அந்தப் புட்டியின் அதிர்ஷ்டம். அதே பழக்கத்தை வேறு அமிலத்துக்கு எடுத்துச் சென்றால் கைவிட்டுவிடும்.

மோலார் கரைசல்: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்

அம்மோனியாவில் அடர்த்தி 1 ஐவிடக் குறைவு, அதை மறந்தால் கரைசல் நீர்த்துப்போகும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அடர்த்தி 1 ஐவிட அதிகம், ஆகவே அதே மறதி இங்கே கரைசலைக் கூடுதல் செறிவாக்கிவிடும். லேபிளில் 36 சதவீதம், அடர்த்தி 1.18 என்று இருந்தால், ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1180 கிராம். அதில் 36 சதவீதம் 424.8 கிராம் HCl. அதை மோலார் நிறையான 36.46 ஆல் வகுத்தால் 11.65 மோல். இதைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்:

```
M = 10 × % × d / MW
M = 10 × 36 × 1.18 / 36.46 = 11.65
```

இங்கே `%` எடை/எடை சதவீதம், `d` ஒரு மில்லிலிட்டரின் எடை கிராமில், `MW` மோலார் நிறை. சூத்திரத்திலுள்ள 10 எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்கு: லிட்டருக்கான 1000 ஐச் சதவீதத்துக்கான 100 ஆல் வகுத்தால் அதுதான் மிஞ்சும்.

ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு 0.1 மோல் வேண்டும். செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் கிடைக்கும் பொருளின் அளவு நீர்ப்பதால் மாறுவதில்லை என்பதால், எடுக்க வேண்டியது 1000 × 0.1 ÷ 11.65, அதாவது 8.58 மில்லிலிட்டர். அடர்த்தியை விட்டுவிட்டு, லிட்டருக்கு 360 கிராம் என்று எண்ணியவர் 10.1 மில்லிலிட்டர் எடுத்து, 0.1 என்று எழுதிய குடுவையில் 0.118 மோலாரை வைத்திருப்பார்.

நடைமுறையில் நான் 8.58 என்று நுணுக்கிக்கொண்டிருக்கச் சொல்லமாட்டேன். அடர் அமிலப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் HCl புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதன் உண்மையான செறிவு நாளுக்கு நாள் குறைகிறது. ஆகவே லேபிளின் எண்ணிலிருந்து வரும் மூன்றாவது இலக்கத்துக்கு மதிப்பில்லை. 9 மில்லிலிட்டர் எடுத்து, சற்றுக் கூடுதலான செறிவில் தயாரித்து, பிறகு தரம்பார்த்து உண்மையான எண்ணைக் கண்டுகொள்வதே நேர்மையான வழி. ஒரு லிட்டர் அளவுக்குடுவையில் 500 மில்லிலிட்டர் நீரை ஊற்றி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றுப்போக்கு அறைக்குள் அமிலத்தை அந்த நீருக்குள் மெதுவாக விட்டுச் சுழற்ற வேண்டும். எப்போதும் நீருக்குள் அமிலம்தான், அமிலத்துக்குள் நீர் அல்ல. கரைசல் சற்றுச் சூடாகும். அந்தச் சூட்டோடு கோடு வரை நிரப்பினால் ஆறியபின் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், செறிவு கூடிவிடும். ஆகவே ஆறும் வரை காத்திருந்து, கண்ணைக் கோட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்து, நீர்மட்டத்தின் வளைவின் அடிப்பகுதி கோட்டைத் தொடும்படி கடைசித் துளிகளைச் சொட்டுக் குழாயால் சேர்க்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய வழியில்லை. இதுபோல் பின்னர் தரம்பார்க்கப்போகும் கரைசலானால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், மற்றவையானால் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

குடுவையின் உடலில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சில குடுவைகள் 20 டிகிரிக்கும், இந்தியாவில் செய்யப்படும் பல குடுவைகள் 27 டிகிரிக்கும் அளவிடப்பட்டவை. 20 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்கு நீர் சுமார் 0.17 சதவீதம் விரிகிறது. சாதாரணத் தரம்பார்த்தலில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஆனால் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த நீரைக்கொண்டு நேராகக் கோடு வரை நிரப்பினால் பிழை அதைவிடப் பெரிதாகும்.

தரம்பார்க்க நீரற்ற சோடியம் கார்பனேட் உகந்தது. சுமார் 260 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, உலர்கலனில் ஆறவைத்து, 0.1325 கிராமைத் துல்லியத் தராசில் நிறுத்துக் கூம்புக்குடுவையில் 50 மில்லிலிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அதன் மோலார் நிறை 105.99 என்பதால் இது 1.250 மில்லிமோல், ஒவ்வொரு மோல் கார்பனேட்டுக்கும் இரண்டு மோல் அமிலம் தேவை என்பதால் 2.500 மில்லிமோல் அமிலம் செலவாகும். மெத்தில் ஆரஞ்சு இரண்டு துளி விட்டு, மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறத் தொடங்கும் வரை அமிலத்தைச் சேர்த்து, குடுவையை ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டுக் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற வேண்டும். நிறம் மீண்டும் மஞ்சளுக்குத் திரும்பும். ஆறியபின் துளித்துளியாகச் சேர்த்து முடிக்க வேண்டும். கொதிக்கவிடாமல் நிறுத்தினால் முடிவுநிலை தெளிவாகத் தெரியாது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரும். பியூரெட்டில் 24.0 மில்லிலிட்டர் செலவானால் செறிவு 2.500 ÷ 24.0, அதாவது 0.1042 மோலார். இதை 0.1000 ஆக்கும் முயற்சியில் நேரத்தைச் செலவிடுவதைவிட, புட்டியில் 0.1042 என்று எழுதிவைத்து, கணக்கில் அதையே பயன்படுத்துவதுதான் நல்லது.

இந்த அமிலம் கையில் வந்துவிட்டதும் முன்பு செய்த அம்மோனியாவைச் சோதித்துவிடலாம். லிட்டருக்கு 100 கிராம் அம்மோனியா என்பதை 17.03 ஆல் வகுத்தால் 5.87 மோலார். அதில் 10 மில்லிலிட்டரை ஒரு லிட்டராக நீர்த்து, அதிலிருந்து 25 மில்லிலிட்டர் எடுத்து, மெத்தில் ரெட் நிறங்காட்டியோடு தரம்பார்த்தால் 14.1 மில்லிலிட்டர் அமிலம் செலவாக வேண்டும். 13.4 மட்டுமே செலவானால் கரைசலில் 9.5 சதவீதம்தான் இருக்கிறது என்று பொருள். புட்டி தளர்ந்திருக்கலாம், அல்லது ஊற்றும்போது வாயு போயிருக்கலாம்.

பிபிஎம்: குளோரைடு, கிணற்று நீரிலிருந்து உப்பளம் வரை

மணக்குடி போன்ற கழிமுகப் பகுதிகளில் கிணற்று நீர் உவர்த்துவிட்டதா என்று பார்க்கக் குளோரைடு அளவே முதலில் கைகொடுக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது. மாற்று நீர் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. இதை அளக்க 1000 பிபிஎம் குளோரைடு ஸ்டாக் கரைசல் ஒன்று வேண்டும்.

இங்கே புதியவர்கள் ஒரு கிராம் சோடியம் குளோரைடை ஒரு லிட்டரில் கரைத்துவிட்டு 1000 பிபிஎம் என்று எழுதுவார்கள். அது சோடியம் குளோரைடின் 1000 பிபிஎம். குளோரைடு அதில் 607 தான், ஏனென்றால் 58.44 இல் 35.45 பங்கு மட்டுமே குளோரின். சரியான எடை 58.44 ÷ 35.45, அதாவது 1.6485 கிராம். தூய உப்பை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஆறவைத்து, இந்த எடையை நிறுத்து, புனலில் ஒட்டியிருப்பதையும் கழுவிக் குடுவைக்குள் இறக்கி, கரைந்தபின் ஒரு லிட்டராக நிரப்ப வேண்டும். நூறு மில்லிலிட்டர் மட்டும் போதும் என்று 0.165 கிராம் நிறுப்பவரின் தராசு ஒரு மில்லிகிராம் பிசகினாலே 0.6 சதவீதம் போய்விடும். ஒரு லிட்டராகச் செய்துகொள்வது சிக்கனம்தான்.

இதிலிருந்து 100 பிபிஎம் வேண்டுமானால் 10 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டராக்க வேண்டும். 10 பிபிஎம் வேண்டுமானால் அந்த 100 பிபிஎம் கரைசலில் மறுபடியும் 10 மில்லிலிட்டரை 100 ஆக்க வேண்டும். 1 பிபிஎம் கரைசலுக்காக ஸ்டாக்கிலிருந்து நேராக 0.1 மில்லிலிட்டர் எடுக்க முயன்றால், பிப்பெட் நுனியில் தொங்கும் ஒரு துளியே எடுக்க வேண்டிய அளவில் பாதியாக இருக்கும். படிப்படியாக நீர்ப்பது இதற்காகத்தான். ஸ்டாக்கைச் சரிபார்க்க, 10 மில்லிலிட்டர் எடுத்துப் பொட்டாசியம் குரோமேட் நிறங்காட்டியோடு 0.0141 மோலார் வெள்ளி நைட்ரேட்டால் தரம்பார்த்தால், குளோரைடு இல்லாத வெறும் நீருக்குச் செலவாகும் வெற்று அளவைக் கழித்தபின் 20.0 மில்லிலிட்டர் வர வேண்டும், ஏனென்றால் அந்த வெள்ளி நைட்ரேட்டின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம்.

கிணற்று நீரில் மில்லிகிராம்/லிட்டரும் மில்லிகிராம்/கிலோகிராமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளலாம். முட்டம் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கடல்நீர் என்றால் அடர்த்தி சுமார் 1.025, வித்தியாசம் இரண்டரை சதவீதம். சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்து உப்பளத்தில் உப்புப் படியும் நிலையிலுள்ள நீர் என்றால் நிலைமை முற்றிலும் வேறு. நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே மானி அதில் 25 பாமே டிகிரிக்கு அருகில் நிற்கும், அடர்த்தி 1.2 ஐ எட்டியிருக்கும். அப்படி அடர்த்தி 1.20 உள்ள மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இதை நேராகத் தரம்பார்க்க முடியாது, ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டும். 5 மில்லிலிட்டரை 500 ஆகவும், அதில் 10 மில்லிலிட்டரை 100 ஆகவும் ஆக்கினால் ஆயிரம் மடங்கு. முதல் படியில்தான் கவனம் தேவை: அடர்ந்த உப்புநீர் பிப்பெட் சுவரில் ஒட்டி மெதுவாக வடியும், அளவு குறைந்துவிடும். அதனால் மாதிரியை எடைபோட்டு எடுப்பதே நல்லது. 5 மில்லிலிட்டருக்குப் பதிலாக 6.00 கிராம். நீர்த்த கரைசலில் 50 மில்லிலிட்டர் எடுத்துத் தரம்பார்க்கும்போது 19.0 மில்லிலிட்டர் வெள்ளி நைட்ரேட் செலவானால், அதில் 9.5 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 190 மில்லிகிராம். ஆயிரத்தால் பெருக்க, மூல நீரில் லிட்டருக்கு 1,90,000 மில்லிகிராம். இதையே கிலோகிராமுக்குச் சொல்ல வேண்டுமானால் 1.20 ஆல் வகுக்க வேண்டும். 1,58,000 க்குச் சற்று மேல் வரும். வகுக்க வேண்டுமா பெருக்க வேண்டுமா என்ற குழப்பம் வந்தால், இந்த நீரின் ஒரு லிட்டர் 1.2 கிலோ எடை உள்ளது, ஆகவே ஒரு கிலோவில் இருப்பது ஒரு லிட்டரில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டு எண்களையுமே பிபிஎம் என்று எழுத முடியும் என்பதுதான் சிக்கல். ஒருவர் 1,90,000 என்றும் இன்னொருவர் 1,58,000 என்றும் அறிக்கை கொடுத்து, உப்பள உரிமையாளர் இருவரையும் சந்தேகிக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. ஆகவே அடர்ந்த நீரின் அறிக்கையில் பிபிஎம் என்ற சொல்லைத் தவிர்த்து, மில்லிகிராம்/லிட்டர் என்றோ மில்லிகிராம்/கிலோகிராம் என்றோ எழுதி, அடர்த்தியையும் அதை அளந்த வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். புட்டி லேபிளுக்கும் இதே விதி: வெறும் «அம்மோனியா 10%» என்று எழுதாமல், «அம்மோனியா 10% எடை/கனஅளவு, தரம்பார்த்தது 9.8», தேதி, தயாரித்தவரின் சுருக்கொப்பம் என்று எழுதினால், அடுத்த ஷிப்டில் வருபவர் மறுபடியும் 0.91 ஆல் பெருக்கிக் கணக்கைக் கெடுக்கமாட்டார்.